எத்தியோப்பியா காப்பாற்றிய ஏனோக்கு

பைபிளில் எத்தனை புத்தகம் என்று கேட்டால், பதில் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. புரொட்டஸ்டண்ட் நண்பர் 66 என்பார். கத்தோலிக்க நண்பர் 73 என்பார். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் கேட்டால் 81! இவர்கள் எங்கிருந்தோ கூடுதல் புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஏனோக்கு புத்தகத்தின் கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மற்றவர்கள் கைவிட்டதை இவர்கள் விடவில்லை, அவ்வளவுதான்.

ஆதியாகமத்தில் ஏனோக்கு பற்றிச் சில வசனங்களே உண்டு. தேவனோடு நடந்தார், பிறகு காணப்படவில்லை. அவர் பெயரில் இயேசுவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் யூதர்களிடையே ஒரு பெரிய நூல் உருவானது. வானத்திலிருந்து இறங்கிப் பெண்களை மணந்த தூதர்கள், அரக்கப் பிள்ளைகள், நியாயத்தீர்ப்பு என்று விறுவிறுப்பான நூல். முதல் கிறிஸ்தவர்கள் அதை விரும்பிப் படித்தார்கள். புதிய ஏற்பாட்டில் உள்ள யூதாவின் நிருபம் 14, 15ஆம் வசனங்களில் அதை மேற்கோளே காட்டுகிறது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கி.பி. 200ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் அந்த நூலுக்காக வாதாடினார். யூதா மேற்கோள் காட்டுகிறாரே, அது போதாதா என்பது ஒரு வாதம். ஜலப்பிரளயத்தில் நூல் அழிந்திருக்குமே என்பவர்களுக்கு, நோவா ஏனோக்கின் கொள்ளுப்பேரன்தானே, அவர் வழியாக வந்திருக்கும் என்றார். இதே மேற்கோளை வேறு சிலர் தலைகீழாகப் படித்தார்கள். ஏனோக்கை மேற்கோள் காட்டுவதால் யூதாவின் நிருபத்தையே பலர் ஒதுக்கினார்கள் என்று 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் எழுதுகிறார். அதாவது, எது வேதம் என்பது அப்போதும் முடிவாகவில்லை.

கி.பி. 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அதனாசியஸ், ஈஸ்டர் தேதியை அறிவிக்கும் தன் வருடாந்தரக் கடிதத்தில் ஒரு பட்டியல் தந்தார். இன்று நம்மிடம் உள்ள புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் கூடாமல் குறையாமல் வரும், நமக்குக் கிடைத்துள்ள முதல் பட்டியல் அதுதான். எகிப்தில் அவருக்கு எதிரான குழுக்கள் ரகசிய நூல்களைக் காட்டி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தன. அவற்றை அடக்கத்தான் இந்தக் கடிதம். மோசேக்கு முன் வேதமே இல்லாதபோது ஏனோக்கின் பெயரில் எப்படி நூல் இருக்க முடியும் என்று அதில் கேட்கிறார். (ஆனால் இதே பட்டியல் எஸ்தரைப் பழைய ஏற்பாட்டில் சேர்க்கவில்லை. அது நிலைக்கவில்லை!)

தடை என்றதும் போலீஸ் வந்து புத்தகத்தைப் பிடுங்கிப்போனதாக நினைக்க வேண்டாம். அச்சு இல்லாத காலம். தோலும் பாப்பிரஸும் விலை அதிகம். ஒரு நூலை வழிபாட்டில் வாசிக்கவில்லை என்றால் அதைப் படியெடுக்க யாரும் செலவழிக்க மாட்டார்கள். சில தலைமுறைகளில் அது தானாகவே காணாமல் போகும். கிரேக்க ஏனோக்குக்கு அதுதான் நடந்தது. சில பகுதிகள்தான் மிஞ்சின.

எத்தியோப்பியாவில்? அக்சும் அரசின் முதல் ஆயர் ஃப்ருமென்டியஸ். அவரை நியமித்து அனுப்பியவர், இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும், அதே அதனாசியஸ்! அடுத்த சுமார் இரண்டு நூற்றாண்டுகளில் கிரேக்கத்திலிருந்து கீயெஸ் மொழிக்கு வேத நூல்கள் பெயர்க்கப்பட்டன. அவற்றோடு ஏனோக்கும் போனது. அலெக்சாந்திரியாவின் பட்டியலை விட அங்கே புழக்கத்தில் இருந்த புத்தகங்கள் வேகமாகப் பயணம் செய்தன என்று சொல்லலாம். அங்கு போனபின் மடங்களில் படியெடுப்பது நிற்கவே இல்லை. தலைமை ஆயர் நூற்றாண்டுகளாக எகிப்திலிருந்தே வந்தாலும் நிற்கவில்லை.

அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் ஏனோக்கை ஏற்காதவர்கள் இருந்தார்கள். அவர்களை எதிர்த்து ஸரா யாக்கோப் மன்னரே (1434-1468) எழுதினார். மேலும் 81 என்ற எண் உறுதியானது, எதை எண்ணுவது என்பதுதான் உறுதியில்லை. ஒரு கணக்கில் பழைய ஏற்பாடு 46, புதியது 35. அதில் சபை ஒழுங்கு நூல்களும் அடக்கம். இன்னொரு கணக்கில் 54ம் 27ம். இரண்டும் 81தான். மேற்கத்திய சபைகள் போல, இதற்கு மேல் இல்லை என்று கோடு போட்டு மூட வேண்டும் என்ற அவசரம் அங்கே இருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1773இல் எத்தியோப்பியாவிலிருந்து ஏனோக்கின் மூன்று கையெழுத்துப் பிரதிகளோடு ஐரோப்பா திரும்பினார். 1821இல் ரிச்சர்ட் லாரன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இது பின்னாளில் எத்தியோப்பியாவில் எழுதப்பட்டதோ என்ற சந்தேகத்துக்கு 1952இல் பதில் கிடைத்தது. சாக்கடல் அருகே கும்ரானின் நான்காம் குகையில் அதே நூலின் அரமேயத் துண்டுகள் கிடைத்தன. சில கி.மு. 2ஆம் நூற்றாண்டு அளவுக்குப் பழையவை. ஆனால் 108 அதிகாரங்களில் 37 முதல் 71 வரை உள்ள பகுதியின் ஒரு துண்டு கூட அங்கே இல்லை. அந்தப் பகுதிக்கு இன்றும் எத்தியோப்பியப் பிரதிகள்தான் ஆதாரம்.