பெயர் நீங்கிய தாள்

ஆரல்வாய்மொழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை. ஆனால் அதன்பிறகு புறப்படும் தாளின் வழி நிஜமானது.

இந்தியாவின் தாய் மரணக் கண்காணிப்பு விதிப்படி, 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். வீட்டாரிடமும் தனியாக விசாரிப்பார்கள். வலி எப்போது வந்தது, வண்டி எப்போது வந்தது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்காது.

ரகசிய ஆய்வுக் கூட்டத்துக்குப் போகும் சுருக்கத்தில் தாயின் பெயர், டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரி, தேதி எதுவும் இராது. 'இரவு 2.10' என்பது 'பிரசவமாகி 40 நிமிடத்தில்' என்று மாறும். இந்த மாற்றம் முக்கியம். கடிகார நேரம் அன்று டியூட்டியில் இருந்தவரைக் காட்டிக்கொடுக்கும். இடைவெளி நேரமோ தாமதம் எங்கே என்பதைக் காட்டும். சின்ன ஊரில் பெயரை அழித்தால் மட்டும் போதாது. 'ஒரே மயக்க டாக்டர்' என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும்.

நம் கதையில் தாள் சொல்வது இதுதான்: நனைந்த துணியைப் பார்த்து ரத்த இழப்பைக் கண்மதிப்பாகக் குறைத்துக் கணித்தார்கள். நாடித்துடிப்பு 120 ஆன பிறகும் ரத்த அழுத்தம் இயல்பாக இருந்ததால் யாரும் பதறவில்லை. இளம் தாய்க்கு அழுத்தம் கடைசியில்தான் சரியும். ரத்தத்துக்குச் சொல்லியனுப்பியது அழுத்தம் சரிந்த பிறகு. இதில் 'ஊழியர்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்று பாடம் எழுதினால், அது பெயர் போடாத திட்டு. 'நனைந்த துணியை எடை போடு. நாடி ஏறும்போதே ரத்தத்துக்குச் சொல்' என்பதே பாடம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த ரகசிய ஆய்வு முறை 1952-இல் தொடங்கியது. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் சங்கம் 2004-இல் ரகசிய ஆய்வைத் தொடங்கியது. பெயர் நீக்கிய கேஸ் ஷீட்டுகளை வேறிடத்து மருத்துவர்கள் படித்தார்கள். ரத்தப்போக்கே முதன்மைக் காரணம் என்று தெரிந்ததும் அதற்கான சிகிச்சைத் தரங்களை வகுத்து, பயிற்சியும் தொடங்கினார்கள்.

இந்தத் தாள் கேஸ் ஷீட்டுக்கு மாற்று அல்ல. அசல் கேஸ் ஷீட் பெயர்களோடு ஆஸ்பத்திரியிலேயே இருக்கும்; வேண்டுமென்று செய்த தவறுக்கு விசாரணை வேறு. ஆய்வும் விசாரணையும் ஒரே மேஜையில் நடந்தால் அடுத்த படிவத்தில் உண்மை வராது. உண்மை வராததைக் கண்டுபிடிப்பது எளிது: நாடிக் குறிப்பெல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒழுங்காக அமைந்திருக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் கேள்வி, பிரசவ அறைக்குத் தராசு வந்ததா என்பதுதான். வரவில்லையென்றால் அந்தத் தாள் இன்னும் ஃபைலை விட்டுப் புறப்படவே இல்லை.