டேங்க்கில் எண்ணெய் இருக்கு, ஆனா மீட்டர் 'இல்லை'ங்குது: தப்பு எங்கே?

சுங்கை ஊடாங்கிலிருந்து மஸ்ஜித் தானா பக்கம் போய்க்கிட்டிருக்கீங்க. பெட்ரோல் முள் பாதியில் நிற்கிறது. ஒரு வளைவு திரும்பியதும் சட்டென்று E-க்கு விழுந்து, மஞ்சள் விளக்கும் எரிகிறது. ரெண்டு கிலோமீட்டர் தாண்டி முள் மறுபடியும் பாதிக்கே ஏறுகிறது. எண்ணெய் எங்கேயும் ஒழுகவில்லை. அப்படியென்றால் டேஷ்போர்டை விட்டுவிட்டு டேங்க் உள்ளே பார்க்க வேண்டும்.

டேங்க்கில் ஒரு மிதவை, அதாவது ஃப்ளோட், ஒரு கம்பியின் நுனியில் மிதக்கிறது. எண்ணெய் குறையக் குறைய அது கீழே இறங்கும். கம்பியின் மறுமுனையில் இருக்கும் சின்ன உலோக நாக்கு, மின்தடைப் பட்டை ஒன்றின் மேல் உரசி நகரும். இந்த மொத்த அமைப்புக்குப் பெயர்தான் சென்டர் யூனிட். பல ஜப்பானிய வகை கார்களில் டேங்க் நிறைந்திருந்தால் மின்தடை சில ஓம்தான், காலியானால் 100 ஓமைத் தாண்டும். மீட்டர் எண்ணெயை நேரில் பார்ப்பதே இல்லை, இந்த ஓம் கணக்கை மட்டுமே படிக்கிறது.

நாக்கு பட்டையைத் தொடாமல் போனால் மின்தடை எக்கச்சக்கமாக ஏறிவிடும். மீட்டர் அதை 'காலி' என்று எடுத்துக்கொள்ளும். சில அமெரிக்க கார்களில் கணக்கு தலைகீழ் என்பதால், அதே கோளாறு அங்கே 'ஃபுல்' என்று காட்டும். நடுரோட்டில் மாட்டிவிடுவது இந்த ரெண்டாவது வகைதான்.

தொடர்பு ஏன் விட்டுப்போகிறது? தேய்மானம் ஒரு காரணம். இன்னொன்று கந்தகம். பட்டையிலும் நாக்கிலும் பெரும்பாலும் வெள்ளி கலந்த உலோகம் இருக்கும். பெட்ரோலில் உள்ள வீரியமான கந்தகம் அதில் பட்டால், வீட்டு வெள்ளிப் பாத்திரம் கறுப்பதுபோல ஒரு படலம் படியும். அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாக விடாது. 2004 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இது பெரிய செய்தியானது. கந்தகம் கூடுதலாக இருந்த பெட்ரோலால் கார்களின் மீட்டர்கள் கெட்டுப்போயின. ஷெல் பெயரில் பெட்ரோல் விற்ற மோட்டிவா நிறுவனம் நூற்றுக்கணக்கான நிலையங்களில் விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது. கந்தகத்தைப் பிரித்தெடுப்பது சுத்திகரிப்பு ஆலையின் வேலை. சுங்கை ஊடாங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஓர் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே விற்கும் யூரோ 4எம் பெட்ரோலில் கந்தக வரம்பு 50 பிபிஎம். அதனால் உங்கள் மீட்டர் குதித்த உடனே எண்ணெய் நிலையத்தைத் திட்ட வேண்டாம். பழைய காரென்றால் முதலில் தேய்மானத்தைத்தான் சந்தேகிக்கணும்.

சரி, விளக்கு ஏன் சீக்கிரமே எரிகிறது? பழைய கார்கள் சிலவற்றில் விளக்குக்கென்று தனி சென்சார் உண்டு. எண்ணெயில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும், வெளியே வந்ததும் சூடாகி விளக்கைப் போடும். இப்போதைய கார்கள் பலவற்றில் முள்ளும் விளக்கும் ஒரே சென்டரை நம்பியிருக்கின்றன. சென்டர் தப்பாகச் சொன்னால் ரெண்டும் சேர்ந்தே தப்பு செய்யும்.

இதைக் கண்டுபிடிக்க பெட்ரோல் ரசீது போதும். உங்கள் டேங்க் 40 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரிந்ததும், பம்ப் தானாக நிற்கும்வரை ஊற்றுங்கள். 33, 34 லிட்டர் ஏறினால் பிரச்சினை இல்லை, மிச்சம் ஆறேழு லிட்டர் இருந்திருக்கிறது. 22 லிட்டரிலேயே நின்றுவிட்டால், 18 லிட்டர் உள்ளே இருக்கும்போதே விளக்கு எரிந்திருக்கிறது.

அப்புறம் முள்ளைக் கவனியுங்க. எப்போதும் ஒரே அளவில், உதாரணத்துக்குப் பாதிக்குக் கொஞ்சம் கீழே மட்டும் குதித்தால், பட்டையில் அந்த இடம் தேய்ந்திருக்கிறது. ஃபுல் அடித்தும் முள் F-ஐத் தொடவில்லை, எல்லா அளவிலும் குறைத்தே காட்டுகிறது என்றால், எர்த் வயரில் துரு ஏறி மின்தடையைக் கூட்டியிருக்கலாம், அல்லது மிதவைக்குள் எண்ணெய் புகுந்து அது கனமாகியிருக்கலாம். எவ்வளவு ஓடினாலும் முள் அசையவே இல்லையா? கம்பி எங்கேயோ சிக்கியிருக்கலாம். மேட்டில் மட்டும் ஆடினால் அது கோளாறே இல்லை, எண்ணெய் ஒரு பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.

வொர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் "மீட்டர் மாத்தணும்" என்றால், முதலில் சென்டர் கனெக்டரைக் கழற்றி, தெரிந்த அளவு மின்தடை ஒன்றை அங்கே மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் அசையாமல் சரியான இடத்தில் நின்றால் மீட்டரும் வயரும் நல்லாத்தான் இருக்கு, சென்டர்தான் கெட்டது. பல கார்களில் அது பெட்ரோல் பம்ப்போடு ஒரே கூட்டில் இருக்கும். சென்டரை மட்டும் தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள், முடிந்தால் செலவு நிறையவே குறையும். டேங்க்கை நீங்களே திறக்காதீங்க, பெட்ரோல் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும்.

சரிசெய்யும்வரை ஒவ்வொரு முறையும் ஃபுல் அடித்து, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டுங்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் காரென்றால், 40 லிட்டர் டேங்க்கில் 350 கிலோமீட்டர் தாண்டியதும் எண்ணெய் நிலையத்தைத் தேடலாம், முள் எங்கே நின்றாலும் சரி. "விளக்கு சும்மாதான் எரியுது" என்று விட்டுவிட்டால் இன்னொரு செலவு வரும். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது அந்த எண்ணெய்தான். அடிக்கடி அடிமட்டம்வரை ஓட்டினால் பம்ப் சூடாகி சீக்கிரம் பழுதாகும்.