பெயரில்லாப் பாடலுக்குப் பெயர் காணல்

தமிழகத்தினின்றும் பெங்களூருக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பழம்பெட்டிகளில் இரண்டு பொருள்கள் பெரும்பாலும் தப்பாது கிடைக்கும். ஒன்று, பள்ளியிறுதி நாளில் தோழர்கள் எழுதிக் கொடுத்த ஆட்டோகிராப் ஏடு. மற்றொன்று, ஊரிலிருந்து பெரியவர்கள் எழுதிய கடிதக் கட்டு. இவற்றில் எங்கேனும் ஒரு பாடலின் மூன்று நான்கு அடிகள் எழுதப்பட்டிருக்கும். பாடலின் பெயரோ, எழுதியவர் பெயரோ இராது. அன்று அதற்குத் தேவையிருந்ததில்லை. எழுதியவரும் பெற்றவரும் பாட்டை அறிந்திருந்தனர். இன்று அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்கும் பேரப்பிள்ளைகளே தடுமாறுகின்றனர். அத்தகைய அடிகளுக்கு உரிய பாடலைக் கண்டறியும் முறையை ஒரு சான்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் தம் முதற் சொற்களாலேயே பெயர் பெறுகின்றன. நூல்களின் இறுதியிலுள்ள பாட்டு முதற்குறிப்பு அகராதியும் அவ்வாறே அமைந்தது. ஆனால் கடிதத்தில் எழுதுவோர் பல்லவியை விட்டுவிட்டு, தம் மனத்திலுள்ளதைச் சொல்லும் ஒரு சரணத்தையே எடுத்தெழுதுவர். ஆகவே கையிலுள்ள அடிகளைக் கொண்டு அகராதியைப் புரட்டினால் ஒன்றும் கிட்டாது. அதனாற் பாட்டே இல்லையென்று முடிவு செய்தல் தவறு. சரணத்திலிருந்து பல்லவிக்குச் செல்லும் வழியைத் தேடவேண்டும்.

தஞ்சை மாவட்டத்திலிருந்து பெங்களூர் அல்சூரில் வாழும் மகளுக்கு ஒரு தந்தை எழுதிய கடிதம் நம் கையில் உள்ளதாகக் கொள்வோம். குடும்பச் செய்திகளுக்குக் கீழே ஒரு சரணம். அறமும் மறமும் இன்னதென்று அறியாது மயங்கும் வேளையில் திருக்குறளிலிருந்து ஒரு சொல் எடுத்துரைக்க மாட்டாயா என்று அது கேட்கிறது. தேதி அழிந்துள்ளது. இதைப் படிப்போர் முதலில் என்ன எண்ணுவர்? குறளைப் போற்றும் அறிவுரைப் பாட்டு என்பர். தமிழுணர்வு மிக்கதாகலின் பாரதியார் பாட்டாகும் என்பர். இந்த இரண்டாம் எண்ணமே அடிக்கடி நேரும் பிழை. ஆசிரியர் தெரியாத உணர்ச்சிப் பாட்டையெல்லாம் பாரதியார்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு.

ஊகத்தை ஒதுக்கி, யாப்பைப் பார்ப்போம். அடிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதை எதுகை என்கிறோம். நம் கடிதத்தில் முதலடி ‘அறம்’ என்னும் சொல்லை முதலிற் கொண்டது. பின்னர் வரும் அடியில் ‘இறைவன்’ என்னும் சொல் அதற்கு இணையாக நிற்கிறது. இரண்டிலும் றகர ஒலி இரண்டாமிடத்தில் அமைந்து எதுகை நிறைவுறுகிறது. எனவே இது முழுச் சரணம். மாறாக, ‘இறைவன்’ எனத் தொடங்கும் அடி மட்டும் இருந்திருப்பின், றகரத்தை இரண்டாம் எழுத்தாகக் கொண்ட வேறோர் அடி அதற்கு முன்னே விடுபட்டிருக்கிறதென்று உய்த்துணரலாம். எதுகை இவ்வாறு, கிடைத்த பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று காட்டிவிடுகிறது.

அடுத்து, முடிவைப் பார்த்தல் வேண்டும். இந்தச் சரணம் ‘மாட்டாயா’ என்னும் வினாவில் முடிகிறது. அவ்வினா சற்றே மாறி மீண்டும் ஒருமுறை ஒலிக்கிறது. இப்படி முடிவில் மடங்கி வருவது, படிப்பதற்கன்றிப் பாடுவதற்கு எழுதிய பாட்டின் இயல்பு. அன்றியும், ஒரு சரணம் இவ்வாறு முடியின் ஏனைய சரணங்களும் அவ்வாறே முடிதல் மரபு. ஆகவே நாம் தேடவேண்டியது, பத்திதோறும் ‘மாட்டாயா’ என்று கேட்கும் ஓர் இசைப்பாடல். இசைப்பாடல் தொகுதிகளில் முதலடியைப் பாராமல் இறுதியடிகளைப் பார்த்துச் சென்றால், பாவேந்தர் பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ என்னும் பாடல் வந்து நிற்கும்.

பெயர் கிடைத்துவிட்டது, ஆயினும் தேடல் முடியவில்லை. இப்பாடலை இசையரசு எம். எம். தண்டபாணி தேசிகர் தேஷ் இராகத்தில் பாடிப் பரப்பினார். 1951ஆம் ஆண்டு, அண்ணா அவர்களின் கதையைக் கொண்டு ஏ.வி.எம். நிறுவனம் எடுத்த ‘ஓர் இரவு’ திரைப்படத்தில் எம். எஸ். இராஜேஸ்வரியும் வி. ஜே. வர்மாவும் இதனைப் பாடினர். ஆகவே ஒரே பாட்டை ஒரு வீட்டார் பாவேந்தர் பாட்டென்பர், மற்றொரு வீட்டார் தேசிகர் பாட்டென்பர், வேறொரு வீட்டார் ‘ஓர் இரவு’ பாட்டென்பர். மூன்றும் உண்மையே. நம் தந்தை எதனை மனத்திற்கொண்டு எழுதினார்?

இதற்கு விடை, பாட்டில் இல்லை, தாளில் உள்ளது. அஞ்சல்தலையின் மதிப்பு அணாவில் இருந்தால் கடிதம் பெரும்பாலும் 1957 ஏப்பிரலுக்கு முற்பட்டது. நயா பைசா அந்நாளில்தான் வழக்கிற்கு வந்தது. அஞ்சல் முத்திரையில் 1951க்கு முற்பட்ட ஆண்டு தென்பட்டால், திரைப்படம் உடனே விலகிவிடும். பிற்பட்ட ஆண்டாயின் இரண்டிற்கும் இடமுண்டு. அப்போது எழுத்தைக் கவனிக்கவேண்டும். நூலைப் பார்த்து எழுதியவர் அச்சிலுள்ள அடிப் பிரிப்பைப் பின்பற்றுவார். கேட்டு எழுதியவர் பாடகர் மூச்சுவிடும் இடத்தில் வரியை முறிப்பார், லகர ளகர வேறுபாட்டிலும் ரகர றகர வேறுபாட்டிலும் தடுமாறுவார். திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அதிலுள்ள அச்சுப்பிழையும் உடன் வரும். அத்தகைய பாட்டுப் புத்தகங்கள் பலவற்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாதுகாத்து வருகின்றது. ஒப்பிட்டுப் பார்க்க விழைவோர்க்கு அது துணையாகும். கச்சேரியிலும் இசைத்தட்டிலும் நேரம் கருதிச் சரணங்களைக் குறைத்துப் பாடுவது வழக்கமாதலின், கடிதத்திலுள்ள சரணம் கேட்கப்படும் வடிவில் உள்ளதா என்றும் ஒத்துப் பார்த்தல் நன்று. அதில் இல்லாத சரணமாயின் நூலே மூலமென்று கொள்ளலாம்.

இத்தனை முயற்சியும் எதற்காக? பல்லவி கையில் வந்தபின் கடிதத்தின் பொருளே மாறுகிறது. கடிதத்திலிருந்த சரணம் தனியே நிற்குங்கால் குறளைப் பற்றிய அறிவுரையாகத் தோன்றிற்று. பல்லவியோ, துன்பம் வரும்போது யாழை எடுத்து எமக்கு இன்பம் தரமாட்டாயா என்று ஏங்குகிறது. பல்லவியை மட்டும் அறிந்தவர் இதனைக் காதலர் கூற்றென்றே கொள்வர். ஆனால் பாட்டின் இறுதிச் சரணம், கேட்பவர் அப்பெண்ணைப் பெற்றவர் என்பதைத் தெளிவாக்குகிறது. பெற்றோர் மகளை நோக்கி, நீ பாடி ஆடி, தமிழ் நூல்களைக் கற்று எம் செல்வமாக மாட்டாயா என்று கேட்கும் பாட்டு இது.

அல்சூரிலிருந்த மகளுக்குத் தந்தை அறிவுரை எழுதவில்லை. உன்னைக் காண ஏங்குகிறோம் என்று எழுதியிருக்கிறார். வெளிப்படையாகச் சொல்லக் கூசியதை, எழுதாமல் விட்ட பல்லவியும் இறுதிச் சரணமும் சொல்லின. மகளுக்கு அது விளங்கியிருக்கும்.

எல்லாத் தாளுக்கும் இம்முறை விடை தருமென்று கூறவியலாது. எழுதியவரே இயற்றிய அடிகளாக இருக்கலாம். இரு பாடல்களை நினைவிற் கலந்து எழுதியிருக்கலாம். ஓரடி மட்டும் ஒத்திருப்பதைக் கொண்டு பெயர் சூட்டாமல், எதுகை, முடிவு, காலம் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்தும்போதே பெயரை எழுதுதல் வேண்டும். அப்பெயரையும் பழைய தாளின்மேல் எழுதாது, தனித்தாளில் எழுதி உடன் வைப்பதே முறை. கடிதம் அவர்கள் எழுதியது. பெயர் நாம் கண்டது.