வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்தவர் பதிவை நீக்கணுமா? சண்டை வராமல் அட்மின் செய்ய வேண்டியது என்ன?

அபார்ட்மென்ட் குரூப்பில் ஒருவர் மெயின்டனன்ஸ் பாக்கி பட்டியலைப் போட்டோ எடுத்துப் போட்டுவிடுகிறார். அதில் வீட்டு எண், பெயர், தொகை எல்லாம் இருக்கிறது. பாக்கி வைத்திருப்பவரும் அதே குரூப்பில்தான் இருக்கிறார். நீங்கள் அட்மின். என்ன செய்வது?

நீக்குவது எப்படி?

உறுப்பினர்கள் போடும் பதிவை அட்மின் எல்லோருக்கும் சேர்த்து நீக்கும் வசதியை 2022-ல் வாட்ஸ்அப் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டில் பதிவை அழுத்திப் பிடித்து, மேலே வரும் குப்பைத்தொட்டி படத்தைத் தொட்டால் Delete for everyone என்று வரும். Delete for me மட்டும் வந்தால், நேரம் கடந்துவிட்டது அல்லது நீங்கள் அட்மின் இல்லை என்று அர்த்தம். சுமார் இரண்டு நாள்தான் அவகாசம்.

பிரச்னை எங்கே வருகிறது?

பதிவு போனாலும் அந்த இடம் காலியாகாது. அட்மின் நீக்கியதாக ஒரு குறிப்பு அங்கேயே நிற்கும். 'அப்படி என்னதான் போட்டார்?' என்று பார்க்காதவர்களும் கேட்பார்கள். போட்டவருக்கோ நாலு பேர் முன்னால் அவமானப்பட்ட மாதிரி இருக்கும். அவரே நீக்கினால் அட்மின் பேச்சே அதில் வராது. அதனால் முதல் வாய்ப்பை அவருக்கே கொடுங்கள்.

என்ன சொல்வது?

குரூப்பில் பதில் போடாதீங்க, நேரா போன் பண்ணுங்க. "சார், பாக்கி வசூலாகணும்னு நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா பேரோட போட்டா அவங்க வீட்ல சங்கடம். நீங்களே எடுத்துடுங்க, நான் அவங்ககிட்ட தனியா பேசுறேன்." இதில் அவர் கோரிக்கை தள்ளப்படவில்லை, போட்ட விதம் மட்டும்தான் மாறுகிறது. அரை மணி நேரம் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் நீங்கள் நீக்கிவிட்டு, அவருக்குத் தனியாகத் தகவல் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத பதிவுகள்?

போன் நம்பர், குழந்தைகளின் படம், ஒருவரைத் திருடன் என்று சொல்லும் ஃபார்வர்டு, மத வெறுப்பு. இவற்றை முதலில் நீக்குங்கள், பிறகு பேசுங்கள்.

நீக்கிய பிறகு?

குரூப்பில் பொதுவாக ஒரு வரி போதும்: "தனிநபர் பாக்கி விவரம் இங்கே வேண்டாம், சங்கத்திடம் நேரில் கேட்கலாம்." போட்டவர் பெயர் வேண்டாம். அந்தப் பதிவுக்குக் கீழே வந்த கிண்டல் பதில்களையும் நீக்குங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் 'ஒருதலைப்பட்சம்' என்ற பேச்சு வரும். வாக்குவாதம் தொடர்ந்தால், அட்மின்கள் மட்டும் எழுதும்படி அன்று இரவு வரை அமைப்பை மாற்றி வைக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஏற்கெனவே கேலரியில் சேமித்த படமும், வேறு குரூப்புக்குப் போன ஃபார்வர்டும் இதனால் அழியாது. பாதிக்கப்பட்டவரிடம் 'எல்லாம் போயிடுச்சு' என்று உறுதி கொடுக்காதீர்கள்.