கருப்பைவாய்ப் புற்றுநோய்: நிலையும் சிகிச்சைத் தேர்வும்

கருப்பைவாய்ப் புற்றுநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை மருத்துவர்கள் நான்கு நிலைகளாக வகுக்கிறார்கள். அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த சிகிச்சையா என்பதை இந்த வகுப்பே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

இதற்கான விதிகளைப் பன்னாட்டு மகப்பேறு, மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ வகுக்கிறது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் ஸ்கேனில் தெரிவதையும் நிலைக் கணக்கில் சேர்த்தது. அதன்படி, இடுப்பு நிணநீர்க் கணுவில் நோய் தெரிந்தால், கட்டி சிறிதாக இருந்தாலும் அது மூன்றாம் நிலைதான்.

ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு பெண், மாதவிலக்குக்கு இடையே ரத்தப்போக்கு என்று ஸ்ரீபெரும்புதூரில் மருத்துவரைப் பார்க்கிறார் என்று கொள்வோம். பயாப்சி புற்றுநோயை உறுதி செய்கிறது. கட்டி 3 செ.மீ. அடுத்த கேள்வி, கருப்பைவாயின் இருபுறமும் உள்ள திசுவுக்குள் நோய் புகுந்திருக்கிறதா என்பது. மருத்துவர் ஒரு விரலை யோனியிலும் இன்னொன்றை மலக்குடலிலும் வைத்து, அந்தத் திசு மென்மையாக இருக்கிறதா, முடிச்சு முடிச்சாக இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். எம்.ஆர்.ஐ. அதைச் சரிபார்க்கிறது.

திசு மென்மையாக இருந்து, கணுக்களும் சுத்தமாக இருந்தால் நிலை 1பி2. கருப்பையோடு பக்கத் திசுவையும் யோனியின் மேற்பகுதியையும் இடுப்புக் கணுக்களையும் அகற்றும் விரிவான அறுவை சிகிச்சை செய்யலாம். இளம் வயதினரின் சூலகங்களைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியும்.

திசு இறுகியிருந்தால் அதே 3 செ.மீ. கட்டி 2பி ஆகிவிடுகிறது. கத்தியால் நோயின் விளிம்பைத் தாண்டி வெட்டுவது அங்கே உறுதியில்லை என்பதால் கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த சிகிச்சையே வழி. பக்கத் திசு மென்மையாக இருந்தாலும், கட்டி 4 செ.மீ.யை எட்டிவிட்டால் பொதுவாகக் கதிர்வீச்சே தேர்வு. அறுவை செய்தாலும் பலருக்குப் பிறகு கதிர்வீச்சும் தேவைப்படும். இரண்டின் பக்கவிளைவுகளும் ஒரே உடலில் சேர்ந்துவிடும்.

கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை செய்தால் என்ன? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 635 பெண்களிடம் இதை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அந்த முறையில் 69.3 சதவீதம், கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்து பெற்றவர்களில் 76.7 சதவீதம். உயிர்பிழைத்திருந்தோர் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த சிகிச்சையில் சுமார் ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் வெளிக் கதிர்வீச்சு. வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின். பிறகு கருப்பைக்குள் குழாய் வைத்து உள்கதிர்வீச்சு. எல்லாவற்றையும் எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் நோய் கட்டுப்படுவது குறைகிறது. ஒரகடம் தொழிற்பகுதிப் பெண்களுக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை பக்கம். ஆனாலும் அத்தனை நாள் விடுப்பு கிடைத்தாக வேண்டும்.

கட்டி சிறுநீர்க்குழாயை அடைத்துச் சிறுநீரகம் வீங்கினால் அது 3பி. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், தேவைப்பட்டால் முதலில் அடைப்பை நீக்குவார்கள்.

பயாப்சி இல்லாமல், ரத்தப்போக்குக்காகக் கருப்பையை மட்டும் எடுத்துவிடுவதுதான் பெரிய தவறு. புற்றுநோய் பிறகே தெரியவரும்போது நிலையைச் சரியாகக் கணிக்க முடிவதில்லை. உள்கதிர்வீச்சுக் குழாயை வைக்கக் கருப்பையும் இருப்பதில்லை.