கதை கேட்பவர் யார்? டான் துவான் எங்கின் முதல் நாவலும் அண்மை நாவலும்

ஒரு நாவலாசிரியரின் முதல் நூலையும் பிந்திய நூலையும் ஒப்பிட்டு நோக்குகிறவர்கள், எழுத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் எவ்விதம் மாறிற்று என்பதையே முதலில் தேடுவது வழக்கம். பினாங்கில் 1972ஆம் ஆண்டு பிறந்து, சட்டம் பயின்று, கோலாலம்பூரில் சில காலம் வழக்கறிஞராகப் பணியாற்றிப் பின்னர் ஆங்கிலத்தில் நாவல் எழுதத் தலைப்பட்ட டான் துவான் எங்கைப் பொறுத்தவரை இந்த முறை அதிகப் பயன் தருவதில்லை. 2007இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலை 'மழையின் வரம்' என்றும், 2023இல் வெளிவந்த மூன்றாவது நாவலைக் 'கதவுகளின் இல்லம்' என்றும் தமிழில் சுட்டுவோமாயின், இரண்டிலும் பினாங்குத் தீவு, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துப் பெரிய வீடுகள், உலகறியச் சொல்ல முடியாத உறவு, முதுமையில் பின்னோக்கிப் பார்க்கும் ஒருவர் என்று விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கக் காண்கிறோம். மாறியிருப்பது, கதை சொல்பவர் யாரிடம் சொல்கிறார், எவ்வளவு சொல்கிறார் என்பதே. அந்த மாற்றம் தொடங்கிய இடம் பினாங்கு அன்று. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் என்பது என் துணிபு.

முதல் நாவலின் நாயகன் பிலிப் ஹட்டன், ஆங்கில வணிகத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்தவன். யுத்தத்துக்கு முன்னர் ஹயாத்தோ எண்டோ என்ற ஜப்பானியரிடம் ஐக்கிடோ பயின்று, அவரைக் குருவாக வரித்து, ஜப்பானியர் தீவைக் கைப்பற்றிய பின் தன் குடும்பத்தைக் காக்கும் பொருட்டு அவர்களுக்கே பணி செய்து, ஊராரால் துரோகி என்று தூற்றப்பட்டவன். இவ்வளவையும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், எண்டோவை இளமையில் நேசித்தவரும் அவருடைய வாளைக் கொண்டு வந்தவருமான மிச்சிக்கோ என்ற மூதாட்டியிடம் அவன் சொல்கிறான். கேட்பவர் எண்டோவை நேசித்தவர், கனிவோடு கேட்பவர். ஆகவே சொல்பவன் ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை. நடையும் அதற்கேற்பவே பெருகுகிறது. கடலும் மழையும் கோயில்களும் வீட்டு விருந்துகளும் உவமைமேல் உவமையாக வருணிக்கப்படுகின்றன. நிகழ்ந்ததற்கு நியாயம் போதவில்லை என்று தோன்றும் இடங்களில் பூர்வஜன்ம பந்தம் துணைக்கு அழைக்கப்படுகிறது. ஒரு மனிதன் தன் குற்றத்துக்குப் பொறுப்பேற்கிறானா, விதியின்மேல் சுமத்துகிறானா என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்புகிறார். எனினும் அந்த வருணனைப் பெருக்கிலேயே அது பாதி கரைந்துவிடுகிறது என்று நான் கருதுகிறேன்.

2012இல் வந்த இரண்டாவது நாவலாகிய 'மாலைப்பனித் தோட்ட'த்தில் நாம் மலையேறுகிறோம். ஜப்பானிய முகாமொன்றிலிருந்து உயிர்பிழைத்து மீண்ட ஒரே கைதி டியோ யுன் லிங். முகாமில் இறந்துபோன தன் தமக்கையின் நினைவாக ஜப்பானியத் தோட்டமொன்று அமைக்க விரும்பி, 1951ஆம் ஆண்டு, அவசரகால யுத்தம் காடெங்கும் மூண்டிருக்கையில், கேமரன் மலைக்கு வருகிறாள். சக்கரவர்த்தியின் தோட்டக்காரராக இருந்த அரித்தோமோ அவள் கோரிக்கையை மறுத்து, மழைக்காலம் வரும்வரை தம்மிடமே கற்றுக்கொள்ளும்படி சொல்கிறார். அருகிலுள்ள மஜூபா தேயிலைத் தோட்டம் தென்னாப்பிரிக்கப் போயர் ஒருவருடையது. 1881இல் ஆங்கிலேயரைப் போயர்கள் வென்ற குன்றின் பெயரையே அவர் அதற்குச் சூட்டியிருக்கிறார். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இக்கற்பனைத் தோட்டத்தின் சரிவுகள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

அரித்தோமோ கற்பிக்கும் கலைகளுள் ஒன்று ஷக்கெய் எனப்படுவது. தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் கிடக்கும் மலையையோ மரத்தையோ, வேலியை உரிய உயரத்தில் கத்தரித்தும் இடையிலுள்ளதை மறைத்தும், தோட்டத்துக்குள்ளேயே இருப்பதுபோல் கண்ணுக்குக் காட்டும் முறை இது. எதைக் காட்டுவது என்பது எதை மறைப்பது என்பதால் தீர்மானிக்கப்படுகிறது. ஆசிரியரின் நடையும் இங்கே இம்முறையைக் கற்றுக்கொள்கிறது. முகாமில் நடந்தது நூலின் நெடும்பகுதி வரை சொல்லப்படுவதில்லை. அரித்தோமோ யார், போரில் அவருடைய பங்கு என்ன என்பது கடைசிவரை ஊகமாகவே நிற்கிறது. யுன் லிங்கின் முதுகில் அவர் குத்திய பச்சையில் ஒரு ரகசியம் இருக்கக்கூடும் என்பதும் அவ்வாறே. கேட்பவர் நிலையும் மாறிவிட்டது. நீதிபதியாக ஓய்வுபெற்ற யுன் லிங்கிற்கு மொழியறிவு சிறிது சிறிதாக அழிந்துபோகும் நோய் கண்டிருப்பதால், சொற்கள் தன்னை விட்டு நீங்குமுன் அவள் தனக்காகவே எழுதுகிறாள். உவமைகள் இந்நூலிலும் மிகுதிதான். ஆனால் அவை முதல் நூலிற்போலக் காட்சியை நிரப்புவதற்காக அல்லாமல், பல இடங்களில் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சுற்றிச் செல்வதற்காக வருகின்றன.

இதே கண்கொண்டு நோக்கும்போது தமிழ் வாசகனுக்கு ஒரு குறை தென்படாமற் போகாது. இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி முதுகுக் கூடையில் போடும் எம்மவர், லயத்திலிருந்து பனி விலகுமுன் மலையேறியவர், இந்நாவலில் சரிவுகளின்மேல் நகரும் உருவங்களாகவே பெரும்பாலும் வருகின்றனர். கதையின் திருப்பங்களை நடத்துபவர்கள் போயர், சீனர், ஜப்பானியரே. மலையின் அழகுக்குக் கொழுந்து பறிக்கும் கைகள் காரணம் என்பதை நாவல் அறியாமலில்லை. அக்கைகளுக்கு உரியவர் என்ன நினைத்தார் என்று அது கேட்கவில்லை. ஜப்பானியர் காலத்தைத் தமிழ்த் தொழிலாளர் பக்கம் நின்று காண விரும்புவோர், சயாம் மரண ரயிலைப் பற்றிய அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நூல்களை இதன் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

மூன்றாவது நாவலில் கேட்பவர் மீண்டும் வருகிறார். ஆனால் மிச்சிக்கோவைப் போன்றவர் அல்லர். 1921ஆம் ஆண்டு பினாங்கில் லெஸ்லி ஹாம்லின் என்ற பெண்ணின் வீட்டில் விருந்தினராகத் தங்கும் எழுத்தாளர் சாமர்செட் மாமிடம், தன் கணவனின் ரகசியத்தையும், 1910இல் சுன் யாட்-சென் அத்தீவில் இருந்த காலத்துத் தன் காதலையும், 1911இல் கோலாலம்பூரில் ஓர் ஆடவரைச் சுட்டுக் கொன்ற எத்தெல் பிரவுட்லாக்கின் வழக்கையும் அவள் சொல்கிறாள். எத்தெலின் வழக்கு மெய்யாக நடந்தது. மாம் அதைக் 'கடிதம்' என்ற கதையாக்கி 1926இல் வெளியிட்டதும் மெய்யே. தான் சொல்வது அச்சேறக்கூடும் என்பதை அறிந்துகொண்டே சொல்லும் லெஸ்லியின் ஒவ்வொரு வாக்கியமும் அளவறிந்து நிற்கிறது. அவளுடைய பகுதிகள் தன்மையிலும் மாமுடையவை படர்க்கையிலும் மாறி மாறி வருவதால், ஒரே நிகழ்ச்சியை இருவர் வெவ்வேறாக எடைபோடுவதை நாம் காண்கிறோம். பூர்வஜன்மம் விடைபெற்றுவிட்டது, அதன் இடத்தில், பிறர் வாழ்வை எழுதிக்கொள்ளும் உரிமை எவருக்கு என்ற கேள்வி அமர்ந்திருக்கிறது. மாமின் மெய்யான கதையில் கொலை செய்யும் பெண்ணின் பெயர் லெஸ்லி, கணவன் பெயர் ராபர்ட். நாவலில் மாமுக்கு விருந்தளிக்கும் தம்பதியின் பெயர்களும் இவையே. நெடுங்காலத்துக்குப் பின் தென்னாப்பிரிக்கக் கரூ பாலைவெளியில் மாமின் அக்கதை அடங்கிய நூல் அஞ்சலில் வந்து சேரும்போது, தான் எழுத்தாளரிடம் நம்பிக் கொடுத்தது எவ்வடிவில் திரும்பி வந்திருக்கிறது என்பதை லெஸ்லி காண்கிறாள். தம் நாவலே மாமின் மேல் இவ்வாறு எழுதப்பட்டது என்பதையும் ஆசிரியர் உணர்ந்திருப்பார் என்றே கொள்கிறேன்.

மூன்று நூல்களைக் கொண்டு ஓர் ஆசிரியரின் வளர்ச்சிக்குக் கோடு கிழிப்பதில் அபாயம் உண்டு. கடலையும் தோட்டத்தையும் வருணிக்கும் இடங்களில் பழைய உவமைப் பெருக்கு 2023ஆம் ஆண்டு நூலிலும் திரும்பத் தலைகாட்டுகிறது. எத்தனை உவமைகள் என்று எண்ணி இரு நூல்களையும் பிரிக்க முயல்வோர் ஏமாறுவர்; ஒவ்வோர் உவமையும் எவருடைய காதுக்காகச் சொல்லப்படுகிறது என்று பார்ப்போருக்கே இரண்டுக்கும் உள்ள இடைவெளி புலப்படும்.