வையர்ஸ்ட்ராஸ் பெயரில் ஆய்லரின் சரக்கு

அமெரிக்கக் கல்லூரிகளில் கணிதம் படித்தவர்களிடம் t = tan(x/2) என்று எழுதிக் காட்டினால், பலரும் ‘வையர்ஸ்ட்ராஸ் பிரதியீடு’ என்பார்கள். ரஷ்யப் பாடநூல்களில் இதற்குப் பெயர் ‘சர்வப் பொது முக்கோணவியல் பிரதியீடு’. இங்கிலாந்தின் பள்ளிகளில் சுருக்கமாக ‘t சூத்திரங்கள்’. சரக்கு ஒன்றுதான். சைனும் கொசைனும் கூட்டல், பெருக்கல், வகுத்தலால் கலந்து நிற்கும் எந்தக் கோவையையும் t மட்டுமே உள்ள விகிதமுறு சார்பாக இது மாற்றிவிடும். பிறகு பகுதிப் பின்னங்களாகப் பிரித்துத் தொகையிடலாம்.

இந்த மூன்று பெயர்களில் ஆதாரம் மிகக் குறைந்தது முதல் பெயருக்குத்தான். ஆய்லர் தம் தொகை நுண்கணித நூலின் முதல் தொகுதியை 1768இல் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியிட்டார். dx/(a + b cos x) போன்றவற்றைத் தொகையிட அரைக்கோண டேன்ஜென்டை அதில் கையாண்டிருக்கிறார். கார்ல் வையர்ஸ்ட்ராஸ் பிறந்தது அதற்கு 47 ஆண்டுகள் கழித்து, 1815இல். லெஜாந்தர் 1817இல் இதைப் பொது முறையாகவே விளக்கியபோது வையர்ஸ்ட்ராஸ் மழலை மாறாத குழந்தை! 1987இல் முதல் பதிப்பு கண்ட ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் நுண்கணிதப் பாடநூல், சான்று எதுவும் காட்டாமல் இதை வையர்ஸ்ட்ராஸ் கண்டறிந்ததாகச் சொல்லியது. லட்சக்கணக்கான மாணவர்கள் படித்த நூல் அது. பெயர் பரவியதில் அதன் பங்கு பெரிது. வையர்ஸ்ட்ராஸுக்குப் புகழ் சேர்க்க வேறு எவ்வளவோ இருக்கிறது. இந்த இரவல் அவருக்குத் தேவையில்லை.

‘அரைக்கோண டேன்ஜென்ட் பிரதியீடு’ என்பதே என் தேர்வு. அந்தப் பெயரில் வேலையின் விவரமே அடங்கியிருக்கிறது. அலகு வட்டத்தின் இடது ஓரத்தில் (−1, 0) என்ற புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வட்டத்தின் மேலுள்ள (cos x, sin x) என்ற புள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். மையத்தில் x ஆக இருக்கும் கோணம் பரிதியில் பாதியாகிவிடும் என்பது பத்தாம் வகுப்புக்கு முன்பே படித்த வடிவியல்தான். ஆகவே அந்தக் கோட்டின் சாய்வு tan(x/2). அதுவே நம் t. கோடு வட்டத்தை மறுபடி வெட்டும் இடத்தைக் கணக்கிட்டால்,

sin x = 2t/(1+t²), cos x = (1−t²)/(1+t²), dx = 2dt/(1+t²)

என்று வந்துவிடும். t = 1/2 என்று போட்டால் சைன் 4/5, கொசைன் 3/5; பழைய 3, 4, 5 முக்கோணம் கண்முன் நிற்கும்.

இப்போது 1/(2 + cos x) என்பதைத் தொகையிடுவோம். 2 + cos x என்பது (3+t²)/(1+t²) ஆகிறது. மேலும் கீழும் உள்ள 1+t² அடிபட்டுப் போக, மிஞ்சுவது 2/(3+t²). அதன் தொகை (2/√3) arctan(t/√3). இரண்டே வரியில் விடை.

இதையே 0 முதல் 2π வரை வரையறுத்த தொகையாகக் கேட்டால்தான் வில்லங்கம். x = 0 என்றாலும் x = 2π என்றாலும் t = 0. இரு எல்லைகளையும் போட்டால் விடை பூச்சியம். ஆனால் 1/(2 + cos x) எங்குமே 1/3க்குக் கீழே இறங்காது. தொகை 2π/3ஐவிடக் குறைய வழியே இல்லை. படிகளில் பிழை எதுவும் கண்ணில் படாது. இந்த ஒப்பீடு ஒன்றுதான் தப்பைக் காட்டிக்கொடுக்கும்.

காரணம் மேலே இழுத்த கோட்டில் இருக்கிறது. (−1, 0) என்ற புள்ளி கோடு புறப்படும் இடம். சாய்வு எவ்வளவாக இருந்தாலும் கோடு மறுபடி வெட்டும் புள்ளி அதுவாக ஆகாது. அந்த இடம்தான் x = π. அங்கே t முடிவிலிக்கு ஓடி, மறுபக்கம் எதிர்முடிவிலியிலிருந்து வருகிறது. நாம் எழுதிய விடையும் அங்கே π/√3இலிருந்து −π/√3க்குக் குதிக்கிறது. 0 முதல் π வரை, π முதல் 2π வரை என இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் π/√3 தரும். சரியான விடை 2π/√3, ஏறத்தாழ 3.63. கணினி இயற்கணித மென்பொருள்களும் இதே குழியில் விழுந்தன. இத்தகைய போலித் துண்டிப்புகளைத் தவிர்ப்பது எப்படி என்று ஜெஃப்ரி, ரிச் என்ற இருவர் 1994இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள்.

ரஷ்யர்களின் ‘சர்வப் பொது’ என்பது பொய்யில்லை, எங்கும் செல்லும். ஆனால் எங்கும் சிக்கனமாக இராது. cos x/(1 + sin² x) என்பதற்கு u = sin x என்று போட்டால் ஒரே வரியில் arctan(sin x). அரைக்கோணத்தை நம்பிப் போனால் t⁴ உள்ள பகுதியோடு மல்லுக்கட்ட வேண்டும். வேறு வழி தென்படாதபோது எடுக்க வேண்டிய கருவி இது.

வையர்ஸ்ட்ராஸ் என்ற பெயரும் ‘t சூத்திரங்கள்’ என்ற பெயரும் மாணவருக்கு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. tan(x/2) என்று பெயரிலேயே இருந்தால், x = π வரும்போது அது tan 90° என்பது தானாகத் தெரியும். ஆசிரியர்கள் அந்தப் பெயரையே வகுப்பில் சொல்லலாம்.